சலவைக்குப் போட்ட லினன் சட்டை திரும்பி வரவில்லை: உருப்படிக்கு 35 ரூபாய் வாங்கும் இடத்தில் எவ்வளவு கேட்பது நியாயம்?

மூன்றாவது_மாடி (வியாழன், இரவு 10:40)

வணக்கம். பெருங்குடியில் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறோம். நாலு பேருமே பேச்சிலர், நாலு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட். வாஷிங் மெஷின் இருக்கு, ஆனா தேய்க்க யாருக்கும் நேரம் இல்லை. அதனால எட்டு மாசமா பக்கத்துத் தெரு லாண்டரியில் இருந்து வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போறாங்க. புதன்கிழமை எடுப்பாங்க, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுப்பாங்க.

தேய்க்க மட்டும்னா உருப்படிக்கு 12 ரூபாய். கடையில் நேரா கொண்டுபோய்க் கொடுத்தா 10. துவைச்சுத் தேய்க்க 35. ஒரு வாரத்துக்கு எங்க கணக்கு 24 உருப்படி தேய்க்க, 8 உருப்படி துவைச்சுத் தேய்க்க. மொத்தம் 568 ரூபாய், நாலாப் பிரிச்சா ஆளுக்கு 142.

போன வாரம் துவைக்கப் போட்டதில் என்னோட வெளிர்பச்சை லினன் சட்டை வரலை. 2,400 ரூபாய்க்கு எடுத்தது, எட்டு மாசம் ஆச்சு. தங்கச்சி கல்யாண நிச்சயத்துக்கு எடுத்த சட்டை, அதனால மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஞாயிறு வாங்கும்போது எண்ணினோம், எட்டும் சரியா இருந்தது. இன்னிக்குப் போட்டுக்கலாம்னு தேடினப்பதான் இல்லைன்னு தெரிஞ்சுது. கடைக்காரர் ரசீதைத் திருப்பிக் காட்டுறார். பின்பக்கம் "தொலைந்தால் சலவைக் கூலியின் 10 மடங்கு மட்டுமே" என்று அச்சடிச்சிருக்கு. அதாவது 350 ரூபாய்.

இது நியாயமா? எவ்வளவு கேட்கலாம்? இன்னொண்ணு, வீட்டுக்கு வந்து எடுக்க உருப்படிக்கு 2 ரூபாய் கூடுதல் என்பது சரியான விலைதானா?

ராவுத்தர்_தெரு (வியாழன், இரவு 11:05)

தம்பி, 350 எல்லாம் வாங்காதீங்க. நேரா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்க. சட்டை விலை 2,400 முழுசும் கிடைக்கும், மன உளைச்சலுக்கு 50,000 போட்டுக் கேளுங்க. ஒரு நோட்டீஸ் போனாலே பயந்துடுவாங்க.

கோவை_விமலா (வியாழன், இரவு 11:20)

லினனை மெஷின்ல போடவே கூடாதுங்க. கையில அலசி, நிழல்ல காயப்போட்டு, லேசா ஈரம் இருக்கும்போதே தேய்ச்சா மடிப்பு நல்லா வரும். வெளிய கொடுத்தா சுருங்கத்தான் செய்யும். எங்க ஊட்டுக்காரர் சட்டை ஒண்ணு ஒரு சைஸ் குறைஞ்சே போச்சு.

மூன்றாவது_மாடி (வியாழன், இரவு 11:26)

அக்கா, சட்டை சுருங்கலை, சட்டையே வரலை. ஆனா ஈரத்தோட தேய்க்கணும்னு சொன்னது எனக்குப் புதுசு, நன்றி.

பெட்டிக்காரர்_மகன் (வெள்ளி, காலை 6:10)

நான் சைதாப்பேட்டையில் இந்தத் தொழிலில்தான் இருக்கேன். அப்பா தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வெச்சுத் தேய்ச்சார், நான் இப்ப சின்னக் கடை, கேஸ் பெட்டி. வீட்டுக்குப் போய் எடுக்கிறதும் உண்டு. அதனால கடைக்காரர் பக்கம் பேசுறேன்னு நினைக்க வேண்டாம். உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

முதல்ல நஷ்டஈட்டுப் பேச்சை நிறுத்திட்டு ஒரு வேலை செய்ங்க. நாலு பேரோட அலமாரியையும் திறந்து, உங்க யாருக்கும் சொந்தமில்லாத சட்டை ஒண்ணு இருக்கான்னு பாருங்க. எட்டு கொடுத்து எட்டு வந்திருக்குன்னு சொல்றீங்க. அப்படின்னா உங்க சட்டை காணாமப் போகலை, மாறிப் போயிருக்கு. உங்களுக்கு ஒண்ணு கூடுதலா வந்திருக்கணும். அது எந்த வீட்டுத் துணின்னு தெரிஞ்சா உங்க சட்டை எங்கே இருக்குன்னு பாதி தெரிஞ்ச மாதிரி.

இந்தத் தொழிலில் துணி திருட்டுப் போறது ரொம்பக் குறைவு. அடுத்த மூட்டையில் போய்ச் சேருறதுதான் அதிகம். தேய்க்க மட்டும் வர்ற துணி எங்க மேசையை விட்டு வெளியே போகாது. ஒரு வீட்டு மூட்டையைப் பிரிச்சு, தண்ணி தெளிச்சு, தேய்ச்சு அடுக்கிக் கட்டின பிறகுதான் அடுத்த மூட்டையைப் பிரிப்போம். அதில் தொலையறது அபூர்வம். தொலைஞ்சா, படுக்கை விரிப்போட எலாஸ்டிக் மூலையிலோ தலையணை உறைக்குள்ளோ கைக்குட்டை மாதிரி ஏதாவது சொருகிக்கிட்டு இருக்கும்.

துவைக்கிற துணி கதையே வேற. என்னை மாதிரி சின்னக் கடைக்காரங்க யாரும் கடையில் துவைக்கிறதில்லை. பெரிய மெஷின் வெச்சிருக்கிற யூனிட்டுக்கு அனுப்புவோம். அங்கே பத்துக் கடைத் துணி ஒரே மெஷினில் சுத்தும். அடையாளத்துக்கு ஒவ்வொரு துணியிலும் சின்னத் துணித் துண்டில் எண் எழுதி ஊக்கால் குத்தியிருப்போம். துவைச்சு வந்ததும் தேய்க்கிறதுக்கு முன்னாடி அந்த ஊக்கைக் கழட்டணும். இல்லைன்னா பெட்டி அழுத்துறப்ப ஊக்குத் தடம் துணியில் பதிஞ்சுடும், மெல்லிசு சட்டைன்னா ஓட்டையே விழும். ஊக்கைக் கழட்டினதில் இருந்து மூட்டை கட்டுற வரைக்கும் அந்தச் சட்டைக்குப் பேரும் கிடையாது, ஊரும் கிடையாது. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, ஞாயிறு டெலிவரிக்காக நாலு வீட்டுத் துணியை ஒரே மேசையில் குவிச்சு வேகவேகமா தேய்க்கிறப்ப, வெளிர்பச்சைச் சட்டை ரெண்டு பக்கத்துப் பக்கத்தில் கிடந்தா மாறிடும். எனக்கே மாறியிருக்கு.

பத்திரம் (வெள்ளி, காலை 9:30)

ராவுத்தர்_தெரு சொன்னது பாதிதான் சரி. நான் வழக்கறிஞர், அதனால கொஞ்சம் நிதானமா எழுதறேன்.

துணியைச் சலவைக்குக் கொடுக்கிறது சட்டப்படி ஒப்படைப்பு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 151 சொல்றது என்னன்னா, பொருளை வாங்கி வெச்சிருக்கிறவர், சாதாரண விவேகமுள்ள ஒருத்தர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கிற அளவுக்கு அதைப் பார்த்துக்கணும். அந்த அளவு கவனம் இல்லாம தொலைஞ்சா பொறுப்பு அவருடையது.

ரசீதின் பின்பக்க வரி பற்றி. இதே மாதிரி ஒரு விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்திருக்கு. ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுப்பு 1966, சென்னை, பக்கம் 13. ஒரு லாண்டரியில் கொடுத்த புதுப் புடவை தொலைஞ்சுபோச்சு. தொலைந்தால் சந்தை விலையில் ஒரு பகுதிதான் தருவோம்னு ரசீதில் அச்சடிச்சிருந்தாங்க. தங்கள் கவனக்குறைவால் தொலைச்சுட்டு அந்த நிபந்தனைக்குப் பின்னால் ஒளிஞ்சுக்க முடியாதுன்னு தீர்ப்பு. அதை அனுமதிச்சா, விலையில் ஒரு பகுதியைக் கொடுத்துட்டு அடுத்தவங்க துணியைத் தாங்களே வெச்சுக்கவும் வழி திறந்துவிட்ட மாதிரி ஆகும் என்பதுதான் அதன் சாரம். ஆக, "ரசீதில் போட்டிருக்கு, அதனால 350தான்" என்று கடைக்காரர் முடிச்சுட முடியாது.

ஆனா 50,000 என்பதை மறந்துடுங்க. எட்டு மாசம் உடுத்தின சட்டைக்குப் புதுச் சட்டை விலை கேட்கிறதும் கஷ்டம், நடந்த நஷ்டம் எவ்வளவுன்னுதான் பார்ப்பாங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இந்த மாதிரி சின்னத் தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பார்க்கலாம். அங்கெல்லாம் உங்ககிட்ட முதல்ல கேட்கப்போறது, அந்தச் சட்டையைத்தான் கொடுத்தீங்கன்னு எதை வெச்சுச் சொல்றீங்க என்பது. ரசீதில் என்ன எழுதியிருக்கு?

மூன்றாவது_மாடி (வெள்ளி, மதியம் 1:15)

மேடம், ரசீதில் "ஷர்ட் 5, பேண்ட் 3, வாஷ்" அவ்வளவுதான். நிறம் எதுவும் இல்லை.

பெட்டிக்காரர் மகன் அண்ணே, நீங்க சொன்னது அப்படியே நடந்திருக்கு. ராத்திரி ஷிப்ட்டில் இருந்த நண்பனை எழுப்பி அவன் அலமாரியைப் பார்த்தா, அடுக்கின சட்டைகளுக்கு அடியில் ஒரு பச்சைக் காட்டன் சட்டை. அரைக்கை, சைஸ் 42. எங்க நாலு பேரில் யாருமே 40-க்கு மேல இல்லை. அவன் என்னோடதுன்னு நினைச்சு வெச்சிருக்கான், நான் அவனோட அலமாரியைத் தொடவே இல்லை. உள்பக்கம் கீழ் ஓரத்தில், கடைசிப் பொத்தானுக்குக் கீழே, மங்கலா "கே 7" என்று மையில் எழுதியிருக்கு.

பெட்டிக்காரர்_மகன் (வெள்ளி, மதியம் 1:50)

அது யூனிட்டோட குறி இல்லை, அந்தக் கடைக்காரரோட குறி. எழுத்து அநேகமா தெருவோ அபார்ட்மெண்டோ, எண் வீடு. அவர் நோட்டைத் திறந்தா ஒரு நிமிஷத்தில் தெரியும். இன்னிக்கே சட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க. சண்டை போடாம, "உங்க துணி ஒண்ணு என்கிட்ட வந்திருக்கு, என்னது அவங்ககிட்ட போயிருக்கும்"னு சொல்லுங்க. நாள் ஆக ஆக அந்த வீட்டுக்காரர் அதைப் போட்டு, வியர்த்து, திரும்பத் துவைச்சு, அவர் சட்டையாவே ஆகிடும். கூடுதலா வந்த துணியைத் தானா திருப்பிக் கொடுக்கிறவங்க பத்தில் ரெண்டு பேர்தான், இது என் அனுபவம்.

திருவல்லிக்கேணி_1989 (வெள்ளி, மாலை 4:00)

நான் அந்தக் காலத்து மேன்சன்வாசி. எங்க மேன்சனுக்கு வர்ற சலவைக்காரர் ஒரு நோட்டுப் புத்தகம் எங்ககிட்டயே கொடுத்து வெச்சிருப்பார். தேதி, "வெள்ளைச் சட்டை 2, கோடு போட்டது 1, பழுப்புப் பேண்ட் 1, லுங்கி 1" என்று நாமே எழுதி, அவர் ஒரு கையெழுத்து, நாம் ஒரு கையெழுத்து. திரும்ப வரும்போது ஒவ்வொண்ணா அடிச்சுட்டே வாங்கணும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு அவரும் நிற்பார், நாமும் நிற்போம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் யார் துணி எதுன்னு தப்பாம சொல்வார். சேராங்கொட்டைப் பாலில் ஊசியால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு குறி போடுவார். புள்ளி, சிலுவை, ரெண்டு கோடு, இப்படி. துணி கிழிஞ்சாலும் அந்தக் கறுப்பு போகாது. இப்ப வாட்ஸாப்பில் "8 உருப்படி" என்று அனுப்பிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கிறீங்க.

இரவுப்பணி (வெள்ளி, மாலை 5:20)

ஐயா, கொடுக்கும்போது நாங்க ஒரு போட்டோ எடுத்துடுறோம், நோட்டெல்லாம் தேவையில்லை. கட்டில் மேல எல்லாத்தையும் போட்டு ஒரு கிளிக். அதுவே ஆதாரம்.

பத்திரம் (வெள்ளி, மாலை 5:45)

குவியலா போட்டு எடுத்தா மேலே இருக்கிற மூணு துணிதான் தெரியும். காலர் லேபிள் தெரியற மாதிரி வரிசையா பரப்பி எடுத்து, அதை எடுத்துட்டுப் போறவருக்கே அப்பவே அனுப்புங்க. அவர் "சரி"ன்னு பதில் போட்டாத்தான் அது ரெண்டு பேருக்கும் பொதுவான ஆதாரம். உங்க போனில் மட்டும் இருந்தா, நீங்க படம் எடுத்தீங்க என்பதுக்குத்தான் ஆதாரம், கொடுத்தீங்க என்பதுக்கு இல்லை. நோட்டு எழுதினா இன்னும் நல்லது, ஐயா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பழசாகலை.

மூன்றாவது_மாடி (வெள்ளி, இரவு 9:50)

கடைக்குப் போனேன். கடைக்காரர் உட்கார வெச்சுத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நோட்டில் பார்த்தார். கே 7 என்பது ரெண்டு தெரு தள்ளி ஒரு பேயிங் கெஸ்ட் அறை. ஆனா அந்த ஆள் திங்கள்கிழமையே காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டாராம். கடைக்காரர் என் முன்னாலேயே போன் போட்டார், எடுக்கலை. செய்தி அனுப்பியிருக்கார்.

350-க்கு மேல கேட்டேன். அவர் சொன்னது எனக்கும் சங்கடமா இருந்தது. "தம்பி, 35 ரூபாயில் எனக்கு என்ன நிக்குதுன்னு தெரியுமா"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியலை.

பெட்டிக்காரர்_மகன் (வெள்ளி, இரவு 10:30)

நான் சொல்றேன், என் கடைக் கணக்கு. அவருக்கு ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கலாம். 35 ரூபாயில் யூனிட்டுக்கு 15 போகும். தேய்க்கிற ஆளுக்கு உருப்படிக்கூலி 5. பெட்ரோல், கவர், ஹேங்கர் எல்லாம் சேர்த்து 4. மிச்சம் 11, அதில்தான் வாடகையும் கேஸும். உங்க சட்டைக்கு 1,600 ரூபாய் கொடுக்கணும்னா கிட்டத்தட்ட 145 உருப்படி சும்மா செய்யணும்.

இதைச் சொல்றதால அவர் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லலை. சட்டையை மாத்திவிட்டது கடையோட தப்பு. எங்க கடையில் ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். தினசரிச் சட்டைக்கு 2 வருஷம் ஆயுசுன்னு வெச்சுக்குவேன். 24 மாசத்தில் 8 மாசம் போச்சு, 16 மாசம் மிச்சம். 2,400-இல் மூணில் ரெண்டு பங்கு, 1,600. அதைக் கையில் கொடுக்க முடியலைன்னா பாதி பணமா, மீதி பாதி தேய்ச்சுக் கொடுத்துக் கழிக்கிறது. 800 ரூபாய்க்கு உருப்படி 12-ன்னா 66, 67 உருப்படி வரும், உங்க வீட்டுக்கு மூணு வாரம் கூட ஆகாது.

அப்புறம் உங்க ரெண்டாவது கேள்வியை எல்லாரும் விட்டுட்டாங்க. 24 உருப்படிக்கு 2 ரூபாய் கூடுதல்னா 48 ரூபாய். அதுக்கு அவர் எடுக்க ஒரு தடவை, கொடுக்க ஒரு தடவை வர்றார், லிஃப்ட் இல்லாத மூணாவது மாடின்னா ஏறி இறங்கறார். ஒரு நடைக்கு 24 ரூபாய். இது நியாயமான விலைதான், உங்களுக்கு மலிவுன்னே சொல்லுவேன். ஏன் கட்டுபடியாகுதுன்னா நீங்க நாலு பேர் சேர்ந்து கொடுக்கிறீங்க. தனி ஆள் 6 உருப்படி கொடுத்தா ரெண்டு நடைக்கும் சேர்த்து 12 ரூபாய்தான். அதனாலதான் நாங்க 15 உருப்படிக்குக் குறைஞ்சா வர்றதில்லைன்னு சொல்றோம். கஷ்டப்படுத்தறது விலை இல்லை. வந்து நின்னா கதவு திறக்க ஆள் இருக்காது, போன் போட்டா தூக்கத்தில் எடுக்க மாட்டாங்க. ரெண்டு தடவை திரும்பிப் போனா அந்த வாரத்து 48-ம் பெட்ரோலுக்கே போச்சு.

ராவுத்தர்_தெரு (சனி, காலை 8:15)

இரக்கம் வேற, கணக்கு வேற. அவருக்கு 11 ரூபாய்தான் நிக்குதுன்னா அது அவர் போட்ட விலை. சட்டை போனவர் ஏன் அந்தப் பாரத்தைச் சுமக்கணும்? கோர்ட் பற்றி நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன். ஆனா 1,600-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

கோவை_விமலா (சனி, காலை 9:00)

நான் முந்தாநேத்து கேள்வியைச் சரியா படிக்காம எழுதிட்டேன், மன்னிக்கணும். லினன் வாராவாரம் போட்டிருந்தா எட்டு மாசத்துல முப்பது தடவைக்கு மேல துவைச்சிருக்கும். முழங்கையும் காலர் மடிப்பும் தேய ஆரம்பிச்சிருக்கும். 24 மாசக் கணக்கு அதுக்குப் பொருந்துங்களா? 1,200 கேட்டாப் போதும்னு எனக்குத் தோணுது.

பத்திரம் (சனி, காலை 10:20)

ரெண்டு தொகையுமே பேசி முடிக்கக்கூடியதுதான். நான் கட்சிக்காரருக்குச் சொல்றதா இருந்தா, அந்த கே 7 நபர் பதில் சொல்றதுக்கு ஒரு வாரம் கொடுங்கன்னு சொல்லுவேன். அதுவரைக்கும் 42 சைஸ் சட்டையைக் கடைக்காரர்கிட்ட கொடுத்துட்டு, வாங்கிக்கிட்டேன்னு ஒரு வரி எழுதி வாங்குங்க. உங்ககிட்ட அது வந்ததும், உங்களது மாறினதும் அந்த ஒரு வரியில் ஒத்துக்கொண்டதா ஆகிடும். நிறம் இல்லாத உங்க ரசீதைவிட அது பெரிய ஆதாரம்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லணும். இதே நிபந்தனையை ஆப் வெச்சு ஊர் முழுக்க எடுக்கிற பெரிய நிறுவனம் போட்டிருந்தா நான் இவ்வளவு பொறுமையா எழுதியிருக்க மாட்டேன்.

மூன்றாவது_மாடி (ஞாயிறு, இரவு 8:30)

இன்னிக்கு டெலிவரிக்கு அவரே வந்தார். 42 சைஸ் சட்டையைக் கொடுத்து எழுதி வாங்கிட்டேன். கே 7 நபர் பதில் அனுப்பியிருக்கார். பச்சைச் சட்டை ஒண்ணு பெட்டியில் இருக்கிற மாதிரி இருக்கு, விருதுநகர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்னு. அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். கூரியர் செலவு கடைக்காரருடையது. சட்டை வரலைன்னா 1,400, அதில் 700 கையில், 700 உருப்படிக் கணக்கில். ராவுத்தர் அண்ணனுக்கு இது குறைவாத் தோணும், எனக்கு நிம்மதியா இருக்கு.

அவரும் ஒரு நோட்டு கொண்டுவந்தார். இனிமே நிறத்தோட எழுதிக்கலாம்னு சொல்லியிருக்கார். நாங்க நாலு பேரும் ஆளுக்கொரு குறி போட்டுக்கலாம்னு இருக்கோம். சாதாரண மார்க்கர் பேனா நிக்குமா?

பெட்டிக்காரர்_மகன் (ஞாயிறு, இரவு 9:10)

நாலஞ்சு சலவையில் வெளுத்துடும். வெள்ளைச் சட்டையில் காலருக்குள்ள எழுதினா வெளியே தெரியும், அதையும் செய்யாதீங்க. நூல்தான் நல்லது. ஆளுக்கு ஒரு நிறம் எடுத்துக்கங்க, ஒருத்தருக்குச் சிவப்பு, ஒருத்தருக்கு நீலம். சட்டைன்னா உள்பக்கம் கீழ் ஓர மடிப்பில், கடைசிப் பொத்தானுக்குக் கீழே ரெண்டு தையல். பேண்ட்னா இடுப்புப் பட்டையின் உள்பக்கம், பின் நடுவில். டெய்லர்கிட்ட மொத்தமா கொடுத்தா போட்டுத் தருவார், இல்லைன்னா ஊசி எடுத்து நீங்களே ஒரு ராத்திரியில் போட்டுடலாம். என்ன நிறம் யாருக்குன்னு அந்த நோட்டோட முதல் பக்கத்தில் எழுதி வைங்க, தேய்க்கிறவர் கண்ணில் படற மாதிரி.

திருவல்லிக்கேணி_1989 (ஞாயிறு, இரவு 9:40)

நூல் முனையை நீளமா விடாம முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்கணும். பெட்டி மேலே போகும்போது மாட்டி இழுத்தா ஓரமே பிரிஞ்சுடும்.

இரவுப்பணி (திங்கள், காலை 7:05)

மூன்றாவது_மாடி, விருதுநகரில் இருந்து சட்டை வந்துச்சான்னு அடுத்த ஞாயிறு இங்கேயே எழுதுங்க. எங்க வீட்டிலும் சைஸ் 38 கோடு போட்ட சட்டை ஒண்ணு ஆளில்லாம மூணு மாசமா தொங்குது, இன்னிக்குத்தான் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். "எம் 12"ன்னு இருக்கு.